எரித்ரோபாய்ட்டின் ஊசியால ஏறுற பிரஷர்: தமிழ்ல ஒரு பேர் வேணும் (வெள்ளிக்கிழமைக்குள்ள)

மீனா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் டயாலிசிஸ் யூனிட்ல ஸ்டாஃப் நர்ஸ். நோயாளிகள் கையில குடுக்க ஒரு பக்க நோட்டீஸ் தமிழ்ல எழுதிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். சிவப்பணுவைக் கூட்டுற எரித்ரோபாய்ட்டின் ஊசிய எங்க யூனிட்ல எல்லாரும் "ரத்த ஊசி"ன்னுதான் சொல்றாங்க. அந்தப் பேர்னாலயே ஒரு தொல்லை இருக்கு, ரத்தம் ஏத்துற ஊசிதானே, இன்னும் ஒண்ணு சேத்துப் போடுங்க சிஸ்டர்னு கேக்கறாங்க. அது பிரஷரையும் ஏத்தும்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. ஊசிக்கு ஒரு பேர், அதனால வர்ற பிரஷருக்கு ஒரு பேர், ரெண்டும் வேணும்.

இளங்குமரன் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. கிரேக்கத்துல எரித்ரோஸ்னா சிவப்பு, பொய்யெய்ன்னா செய்தல், ஆக்குதல். பொயட்ரிங்கற சொல்லும் அதே வேர்தான். நம்ம மொழிலயும் செய் என்பதிலிருந்துதான் செய்யுள். ரெண்டு மொழியும் தனித்தனியா ஒரே எண்ணத்துக்கு வந்திருக்கு பாருங்க, பாட்டுங்கறது ஆக்கப்படுவது! அதனால வெறும் ஆக்கின்னு போடாம பா இயற்றுவது மாதிரி "செவ்வணு இயற்றி"ன்னு வைக்கலாம். செம்மை + இதழ் = செவ்விதழ், அதே புணர்ச்சிதான். அழுத்தத்துக்கு "ஊசியழுத்தம்" போதும், ஊசியால் உண்டான அழுத்தம், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

தர்சினி எழுதியது:

வணக்கம். நாங்கள் இலங்கையில பள்ளிக்கூடத்திலயே செங்குழியம் எண்டுதான் படிச்சனாங்கள், பிரஷருக்கு குருதியமுக்கம். அணு எண்டால் எங்கட பிள்ளையளுக்கு முதல்ல வாறது பௌதிகம். செங்குழியவாக்கி எண்டு வைக்கேலாதோ? மற்றது ஐயா, ஊசியழுத்தம் எண்டால் ஊசியை அழுத்திறது எண்டுதான் நான் முதல்ல வாசிச்சன், அது இரண்டாம் வேற்றுமைத்தொகையாயும் விரியுமெல்லோ.

ரவி எழுதியது:

எதுக்கு இவ்ளோ சுத்தணும்? சிவப்பணு கூடினா ரத்தம் கெட்டியாகுது, கெட்டியான திரவத்தைத் தள்ள பம்ப்புக்கு அதிக பிரஷர் வேணும், அவ்ளோதான். "தடிப்பழுத்தம்"னு வெச்சா காரணமும் பேர்லயே வந்துடும். ஊசிக்கு "செவ்வணு ஊக்கி".

கமலா எழுதியது:

ரவி சொல்றது பாதி சரி. நான் சிறுநீரக மருத்துவர், இந்தப் பேர் நோட்டீஸ்ல போனா எங்களுக்கு வேற சிக்கல் வரும், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். ரத்தசோகைல உடம்புக்கு ஆக்சிஜன் பத்தாததால சின்ன ரத்தக்குழாய்கள் விரிஞ்சே கிடக்கும். ஹீமோகுளோபின் ஏறினதும் அந்த விரிவு போயிடும், ரத்தமும் கொஞ்சம் தடிக்கும், இது வரைக்கும் ரவி கணக்கு சரி. ஆனா இரும்புச்சத்து இல்லாம வெச்ச, கிட்னி கெட்ட எலிகளுக்கு இந்த மருந்தப் போட்டப்ப சிவப்பணு ஏறவே இல்ல, பிரஷர் மட்டும் ஏறிச்சு. மருந்து ரத்தக்குழாய் சுவர் மேலயே நேரா வேலை செய்யுது, எண்டோதீலின் மாதிரி சுருக்கற பொருள் கூடுது, நைட்ரிக் ஆக்சைடால குழாய் தளர்றது குறையுது. தடிப்புன்னு பேர் வெச்சா நோயாளி என்ன நினைப்பார்? தண்ணி குடிச்சா ரத்தம் இளகிடும்னு நினைப்பார். குடிச்ச தண்ணி சரியா வெளியேறாத டயாலிசிஸ்காரருக்கு அதைவிட ஆபத்தான யோசனை கிடையாது.

ஊக்கியும் வேண்டாம். வினையூக்கி, ஊக்கமருந்துன்னு ஏற்கனவே ரெண்டு பொருள்ல ஓடுது, டானிக்னு நினைச்சுக்குவாங்க. சைக்கிள் பந்தயக்காரங்க திருட்டுத்தனமா போட்டுக்கிட்டதும் இதே மருந்துதான்.

செல்வராசு எழுதியது:

நான் தமிழ் படிச்சவன் இல்லீங்க, ஆனா இந்த ஊசி போட்டவன், அதனால சொல்றேன். போன வருசம் எனக்கு ஹீமோகுளோபின் 7.4 இருந்துச்சு. 4000 யூனிட் ஊசி வாரம் 3 தடவ போட்டாங்க. அஞ்சே வாரத்துல 10.2 ஆயிடுச்சு, மாடிப்படி ஏற முடிஞ்சுது, வீட்ல எல்லாருக்கும் சந்தோசம். அப்பதான் காலைல பின்மண்டைல வலி வர ஆரம்பிச்சுது, ஒரு நாள் டயாலிசிஸ்க்கு முன்னாடி பாத்தா பிரஷர் 178/102. முன்னாடி 140/84 தான் இருக்கும். பயந்துபோய் நானே ஊசிய நிறுத்திட்டேன், யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு மாசத்துல 6.9க்கு வந்துட்டேன், ரத்தம் ஏத்த வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம்தான் டாக்டர் சொன்னாரு, மாற்று கிட்னிக்கு காத்திருக்கறவனுக்கு ரத்தம் ஏத்தினா உடம்புல எதிர்ப்பு உருவாகி கிட்னி பொருந்தறது கஷ்டமாயிடும்னு. அதனால பேர் எதுவா இருந்தாலும் அதப் பாத்து யாரும் ஊசிய நிறுத்தக்கூடாது, அப்படி வைங்க.

கமலா எழுதியது:

செல்வராசு சார், நீங்க சொன்னதுலயே விஷயம் இருக்கு. அஞ்சு வாரத்துல 2.8 ஏறியிருக்கு. ரெண்டு வாரத்துக்கு 1 கிராமுக்கு மேல ஏறினா வேகம் அதிகம், அப்பவே அளவ கால்வாசியாவது குறைச்சிருக்கணும், அதாவது வாரம் 3 ஊசிய 2 ஆக்கியிருந்தாக்கூட போதும். நிறுத்த வேண்டாம். பிரஷர் ஏறினா முதல்ல உடம்புல தண்ணி தேங்கியிருக்கான்னு பாத்து உலர் எடைய, அதாவது தேங்கின தண்ணி இல்லாம இருக்க வேண்டிய எடைய, இறக்குவோம், அப்புறம் பிரஷர் மாத்திரைய கூட்டுவோம், ஊசி அளவையும் குறைப்போம். பிரஷர் கட்டுக்குள்ளயே வரலைன்னாதான் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம், அதுவும் நாங்க சொல்லி. டயாலிசிஸ்ல இருக்கறவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு மாத்திரைய புதுசா தொடங்கவோ கூட்டவோ வேண்டி வரும். தலைவலியோட கண்ணு மங்கினா காத்திருக்கக் கூடாது, முதல் 3 மாசத்துல வலிப்பு வர்ற வாய்ப்பு இருக்கு.

"இன்னும் ஒண்ணு போடுங்க"ன்னு கேக்கறவங்களுக்கும் பதில் இருக்கு. 2009ல வந்த ட்ரீட் ஆய்வுல, டயாலிசிஸ் தொடங்காத சர்க்கரை நோயாளிகளுக்கு இதே வகை மருந்தால ஹீமோகுளோபின 13 வரை ஏத்தப் பாத்தாங்க, பக்கவாதம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆச்சு. அதனாலதான் இப்ப 11.5 தாண்ட விடறதில்ல.

மீனா எழுதியது:

அப்ப பேர்ல காரணத்தையே தொட வேண்டாம்னு தோணுது. "செவ்வணு ஊசி", "ஊசிக்குப் பின் ஏறும் பிரஷர்". ரத்த ஊசின்னு சொல்லிப் பழகினவங்களுக்கும் புரியும்.

ரவி எழுதியது:

தடிப்பு வேண்டாம், ஒத்துக்கறேன். ஆனா "ஊசிக்குப் பின்"னா ஊசி போட்ட அஞ்சு நிமிசத்துல ஏறும்னு நினைப்பாங்களே? அன்னிக்கு மட்டும் பாத்துட்டு விட்டுடுவாங்க.

கமலா எழுதியது:

சரியான கேள்வி. பொதுவா சில வாரங்கள்ல மெதுவா ஏறும். "ஊசி தொடங்கிய பின் ஏறும் பிரஷர்"னு போடுங்க.

இளங்குமரன் எழுதியது:

இது சொல்லே இல்லை அம்மா, ஒரு வாக்கியம். பிரஷர்ங்கறத தமிழ் நோட்டீஸ்ல எழுதவே வேண்டாம்னு கெஞ்சிக் கேக்கறேன், இரத்தமே வடசொல், குருதியழுத்தம்னு எழுத ஒரு நொடி கூட ஆகாது.

தர்சினி எழுதியது:

அமுக்கம் எண்டு எழுதினால் எங்கட ஆக்களுக்கு உடன விளங்கும், அழுத்தம் எண்டாலும் பிழையில்லை. ஆனால் மீனா அக்கா, தலைவலியோட இருக்கிற ஒரு ஆள் குருதியழுத்தம் எண்டதை ரெண்டு தரம் வாசிக்கக்கூடாது. நோட்டீசில பிரஷரே இருக்கட்டும்.

செல்வராசு எழுதியது:

பிரஷர்னே போடுங்க. எங்க அம்மாவுக்கும் அதுதான் தெரியும்.

மீனா எழுதியது:

அச்சுக்கு அனுப்பிட்டேன். இதான் இருக்கு:

"செவ்வணு ஊசி (ரத்த ஊசி) தொடங்கிய பின் பிரஷர் மெதுவாக ஏறலாம். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். தலைவலி, கண் மங்கல், வலிப்பு வந்தால் உடனே வாருங்கள். ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள், கூடுதலாகவும் கேட்காதீர்கள்."

இளங்குமரன் எழுதியது:

நோட்டீஸ் நல்லா வந்திருக்கு அம்மா. நம்ம கலைச்சொல் பட்டியல்ல மட்டும் "செவ்வணு இயற்றி", "குருதியழுத்தம்" ரெண்டையும் ஏத்தறேன். செங்குழியத்தையும் பக்கத்துல போடறேன், தர்சினி. இயற்றிய விட மாட்டேன், அடுத்த வாரம் திரும்ப எழுதறேன்.