டீசல் ஏறினால் ரேட் ஏறும் என்ற ஒப்பந்தமும் ஒரு 40 பைசாவும்

மஞ்சக்குப்பம் கணக்குப்பிள்ளை

ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் உறுத்துகிறது. கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பில் பாஸ் பண்ணுவது என் வேலை. ஷிப்ட் பஸ் நாலு, மூன்று வருட ஒப்பந்தம், ட்ரிப்புக்கு 2,800 ரூபாய். ரேட்டில் 40% டீசல் பங்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தம். கணக்கு எளிதாக இருக்க டீசல் விலையை முழு எண்ணாகவே சொல்கிறேன். ஒப்பந்தம் போட்டபோது 80.

முதல் திருத்தத்தின்போது டீசல் 90. பன்னிரண்டரை சதவீதம் ஏற்றம், அதில் 40% என்றால் 5%. 2,800-க்கு 140 ரூபாய் கூடி 2,940 ஆனது. சரியான கணக்கு, பாஸ் போட்டேன். அடுத்த திருத்தத்தில் டீசல் 92. பில்லில் 3,116.40 என்று வந்தது. 80-லிருந்து 92 என்றால் 15%, அதில் 40% என்றால் 6%, சரிதானே என்று அதையும் பாஸ் போட்டேன். இப்படியே மூன்று மாதம் போனது.

ஆடிட்டுக்கு வந்த பையன் பென்சிலால் அந்த 40 பைசாவை வட்டம் போட்டு, "அக்கா, 2,800-க்கு 6% போட்டா 168 ரூபாதானே, பைசா எங்கிருந்து வருது?" என்று கேட்டான். அப்போதுதான் உறைத்தது. 6% சரிதான், ஆனால் அதை ஏற்கெனவே ஏறியிருந்த 2,940 மேல் போட்டிருக்கிறார்கள். வரவேண்டியது 2,968. ட்ரிப்புக்கு 148.40 அதிகம். மாதம் 208 ட்ரிப், மூன்று மாதத்துக்கு 92,601 ரூபாய் 60 பைசா. அடுத்த மூன்று பில்லில் பிடித்தோம். பஸ் அண்ணன், "ஏம்மா, நாற்பது பைசாவுக்கா நான் ஏமாத்துவேன்?" என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போனார். அதற்கு முன் உள்ளே வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் போவார்.

அவர் ஏமாற்றவில்லை. ஒப்பந்தத்தில் "ரேட் அதற்கேற்பத் திருத்தப்படும்" என்றுதான் இருந்தது. எந்த ரேட் என்று இல்லை.

முதுநகர் கான்ட்ராக்டர்

உங்கள் பஸ்காரர் செய்த தப்பை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். அடிப்படை விலை, அடிப்படை ரேட் இரண்டும் ஜோடி. இரண்டையும் அசைக்காமல் வைத்தால் 2,968. இரண்டையும் சேர்த்து நகர்த்தினால், அதாவது 90-லிருந்து 92-க்கு எவ்வளவு ஏற்றம் என்று பார்த்து 2,940 மேல் போட்டால், 2,966 சொச்சம் வரும். இரண்டு ரூபாய்தான் வித்தியாசம், பெரிய சண்டை இல்லை. இவர் ரேட்டை நகர்த்திவிட்டு டீசலை 80-லேயே விட்டுவிட்டார். முதல் பத்து ரூபாய் ஏற்றத்தை இரண்டு தடவை வாங்கியதாகிவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் திருத்தத்தில் இந்தத் தப்பு தெரியவே தெரியாது. இரண்டாவதில்தான் வெளியே வரும், அதற்குள் எல்லாருக்கும் அந்தக் கணக்கு பழகிப்போயிருக்கும்.

என் கதை சின்னது. புதுச்சேரியில் ஒரு கட்டட வேலை, விலைக் குறியீட்டெண்ணை வைத்து ஏற்றம். மார்ச்சில் செய்த வேலைக்கு ஜூனில் பில் போட்டேன். அங்கிருந்த கிளார்க் ஜூன் எண்ணை எடுத்தார். எனக்கு லாபம், வாயைத் திறக்கவில்லை. அப்புறம் வேறொருவர் வந்து மார்ச் எண் போட்டு, கொடுத்ததைத் திரும்பப் பிடித்தார். வேலை நடந்த மாதத்து எண்ணா, பில் போட்ட மாதத்து எண்ணா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். மொத்த விலைக் குறியீட்டெண் முதலில் தற்காலிகமாக வந்து பிறகு திருத்தப்படும். அதனால் நான் இப்போது மூல ரேட்டுக்கு ஒரு பில், ஏற்றத்துக்குத் தனியாக ஒரு பில் என்றுதான் போடுகிறேன். ஏற்றத்தில் தகராறு வந்தாலும் மூல பில் பணம் நிற்காது.

திருப்பாதிரிப்புலியூர் சரவெடி

எல்லாரும் இரண்டாவது பில்லைப் பேசுகிறீர்கள், முதல் பில்லே தப்பு. முதல் 5% ஏற்றத்தை கான்ட்ராக்டர்தான் தாங்கணும், எல்லா ஒப்பந்தத்திலும் அப்படித்தான். இன்னொன்று, டீசல் வித்தியாசத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அது செலவைத் திருப்பிக் கொடுப்பது, சேவைக்கான பணம் இல்லை.

முதுநகர் கான்ட்ராக்டர்

எல்லாத்திலும் இல்லை தம்பி. எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எழுதியிருந்தாலும், 5% தாண்டினால் முழு பன்னிரண்டரையும் கிடைக்குமா, தாண்டிய ஏழரை மட்டுமா என்று இன்னொரு கேள்வி இருக்கிறது. அதில்தான் பாதி வழக்கு.

ஜிஎஸ்டி விஷயத்தில் உங்களை நம்பினால் நோட்டீஸ்தான் வரும். ஏற்றம் என்பது அதே சேவையின் விலை, அதே வரிதான். பழைய மாதத்துக்குப் பின்னால் சேர்த்து வாங்கினால் டெபிட் நோட் போட்டு வரியோடு வாங்க வேண்டும்.

லாஸ்பேட்டை வாடகைக்காரன்

எங்கள் வீட்டுக்காரரும் இதேதான் செய்கிறார். வருஷத்துக்கு 5% என்றார், மூன்றாவது வருஷம் கணக்குப் போட்டால் 15%-க்கு மேல் வருகிறது. இதையும் ஆடிட்டரிடம் காட்டலாமா?

பாகூர் பஸ்

லாஸ்பேட்டை சார், அது வட்டிக்கு வட்டி மாதிரி ஏறுவது. போன வருஷ வாடகை மேல் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் சரிதான்.

நான் அந்தப் பஸ்காரர் பக்கம் நிற்கிற ஆள். ஏறும்போது மட்டும் பில் வருகிறது, இறங்கும்போது வருவதில்லை என்று எங்களைத் திட்டுவார்கள். 2021 தீபாவளிக்கு டீசலில் மத்திய அரசு வரி 10 ரூபாய் குறைந்தபோது நானே குறைத்து பில் போட்டேன். ஒருவரும் நன்றி சொல்லவில்லை, போகட்டும்.

என் பிரச்சினை வேறு. வண்டி ஓடுவது கடலூர் கம்பெனிக்கு, டீசல் போடுவது முள்ளோடையில். புதுச்சேரியில் வரி குறைவு, லிட்டருக்கு நல்ல வித்தியாசம் இருக்கும். ஒப்பந்தத்தில் கடலூர் பங்க் விலைதான் அடிப்படை. ஒரு நாள் மேனேஜர் என் முள்ளோடை பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த விலைக்குத்தானே போடுறீங்க, இதை வச்சே கணக்குப் போடுங்க" என்றார். இதோ ஏறிய விலை முள்ளோடையில், அதோ பழைய விலை கடலூரில். இரண்டையும் கழித்தால் டீசல் இறங்கின மாதிரி வந்தது! எங்கே போட்டேன் என்பது என் சாமர்த்தியம், கணக்குக்கு ஒரே ஊர் பங்க்தான் இருக்க வேண்டும் என்றேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் பாதி விட்டுக்கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

மஞ்சக்குப்பம் கணக்குப்பிள்ளை

முதுநகர் அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். தப்பு தொடங்கியதே எங்களிடம்தான். முதல் திருத்தத்தின்போது எங்கள் ஸ்டோர்ஸில் கொள்முதல் ஆர்டரின் ரேட்டையே 2,940 என்று மாற்றியிருக்கிறார்கள். மாற்றாவிட்டால் சாப்ட்வேர் பில்லை ஏற்காதாம். அந்த ஆர்டர் நகல் பஸ் அண்ணனுக்குப் போயிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவருடைய பையன் 2,940 மேல் கணக்குப் போட்டிருக்கிறான்.

இப்போது பில்லில் இரண்டு வரி. முதல் வரி 2,800, மூன்று வருஷமும் அப்படியே இருக்கும். இரண்டாவது வரி "டீசல் வித்தியாசம்". பழைய விலை, புது விலை, தேதி, 40%, எல்லாம் அதே வரியில் தெரிய வேண்டும். விலை இறங்கினால் அந்த வரி மைனஸில் வரும். ஆர்டரிலும் அதே மாதிரி இரண்டு வரி போடச் சொல்லிவிட்டேன்.

ஆனால் பாகூர் அண்ணா சொன்னதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. இந்தத் தடவை பஸ் அண்ணன் பங்க் விலைப் பலகையைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார். உற்றுப் பார்த்தால் பின்னால் முள்ளோடை போர்டு தெரிகிறது. எங்கள் ஒப்பந்தத்தில் "டீசல் விலை" என்று மட்டும்தான் இருக்கிறது, ஊர் இல்லை. அந்த 80 கடலூர் விலை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்படியே பாஸ் போட்டால் அவருக்குத்தான் நஷ்டம், அது அவருக்குத் தெரியவில்லை. பில் என் மேஜையில்தான் இருக்கிறது.