ஆச்சிக்குப் பின்னால் தாத்தாவின் இடம்

திருநெல்வேலிப் பேத்தி:
ஆச்சிக்கு 80 நிறைந்தபோது குடும்பமாக ஒரு படம் எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. "அவுக இல்லாம என்ன படம்" என்றார் ஆச்சி. தாத்தா இறந்து 13 வருடமாகிறது. நான் சேர்த்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பென்ஷனுக்காக ஸ்டுடியோவில் எடுத்த படத்திலிருந்து முதலில் முகத்தை வெட்டி, நாங்கள் எடுத்த குடும்பப் படத்தில் வைத்தேன். ஓரமெல்லாம் சுத்தம்தான். ஆனாலும் தேர்தல் போஸ்டரில் ஒட்டிய தலை மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் மூக்கைக் கவனித்தேன். எங்கள் எல்லாருக்கும் மூக்கின் நிழல் ஒரு பக்கமாக விழுந்திருக்கிறது. தாத்தா முகத்தில் நிழலே இல்லை. அது இரண்டு பக்கமும் லைட் போட்டு எடுத்த படம்.

அப்புறம் ஆல்பத்தில் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. முகம் ஒரு சென்டிமீட்டர் உயரம்தான். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் சுமார் 236 புள்ளி. 1200 வைத்தும் பார்த்தேன். காகிதத்தின் சொரசொரப்புதான் பெரிதாகத் தெரிந்தது, முகத்தில் புதிதாக எதுவும் வரவில்லை.

அதனால் தாத்தாவைப் படத்துக்கு ஏற்ப மாற்றுவதை விட்டுவிட்டு, படத்தைத் தாத்தாவுக்கு ஏற்ப மறுபடி எடுத்தோம். அதே திண்ணை, அதே பக்கத்து வெளிச்சம் விழும் காலை நேரம். பழைய படம் அவர் கண் மட்டத்திலிருந்து எடுத்தது என்பதால், ஸ்டாண்டை நிற்பவர் கண் மட்டத்துக்கு ஏற்றினேன். தாத்தா உயரமுள்ள சித்தப்பா அவருடைய வெள்ளைச் சட்டையும் துண்டும் போட்டு ஆச்சி நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கேமராவை அசைக்காமல் இன்னொரு படம், அதில் சித்தப்பா தன் உடையில் ஓரத்தில். உடம்பு, சுவரில் விழும் நிழல், ஆச்சி தோளில் விழும் நிழல் எல்லாம் சித்தப்பாவுடையது. தலை மட்டும் தாத்தா. கழுத்தில் ஒட்டிய இடத்தைத் துண்டு மறைத்துவிட்டது.

பழைய ஸ்டுடியோக்காரர்:
ஆள் நிறுத்தி எடுத்தது நல்ல வேலைம்மா. நிழலைக் கையால் வரைந்தால் பாதிப் பேருக்குத் தப்பாகத்தான் வரும். ஒன்று கேட்கிறேன், புது கேமராவில் உங்கள் முகமெல்லாம் பளிச்சென்று இருக்குமே, தாத்தா மட்டும் மங்கலாகத் தெரியவில்லையா? பழைய பிரிண்டில் முடியின் கறுப்பும் முழுக் கறுப்பாக இருக்காது, சாம்பல் ஏறியிருக்கும்.

திருநெல்வேலிப் பேத்தி:
தெரிந்தது ஐயா. எங்கள் முகங்கள் 700 புள்ளி இருந்தன. தாத்தாவை இழுத்துப் பெரிதாக்காமல் எங்கள் படத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினேன். முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கி, எங்கள் கறுப்பையும் அவர் கறுப்பளவுக்கு வெளுக்க வைத்தேன். கடைசியில் படம் முழுக்க ஒரே பொடிப் புள்ளி தூவியதும்தான் அவர் எங்களோடு நின்றார்.

கோவைத் தம்பி:
இவ்வளவு எதற்கு? வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருந்தால் படத்தை இடவலமாகத் திருப்பினால் போதுமே.

பழைய ஸ்டுடியோக்காரர்:
வெளிச்சம் சரியாகிவிடும் தம்பி. ஆனால் வகிடு, மச்சம் எல்லாம் பக்கம் மாறும். முழு உடம்பாக இருந்தால் சட்டைப் பையும் வலப்பக்கம் போய்விடும். கூட வாழ்ந்தவருக்கு அது வேறு ஆளாகத் தெரியும்.

வள்ளியூர் அக்கா:
எங்கள் வீட்டில் அப்பா படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டுத் தனியாகத்தான் மாட்டியிருக்கிறோம். இருப்பவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது என்று அம்மா விடவில்லை. உன் படத்தில் பொட்டு எப்படி வைத்தாய்?

திருநெல்வேலிப் பேத்தி:
பொட்டு வைக்கவில்லை அக்கா, அவர் நிற்கிற மாதிரிதானே செய்தேன். பெரியப்பாவுக்கும் உங்கள் அம்மா நினைப்புதான், கூடத்தில் மாட்ட வேண்டாம் என்கிறார். இன்னொன்றும் அவருக்கு உறுத்துகிறது. திண்ணைப் படத்தில் தாத்தாவுக்கு 58 வயது. பெரியப்பாவுக்கு இப்போது 61. அப்பாவைவிட மகன் மூத்தவராகத் தெரிகிறார். முடியை நரைக்க வைத்துப் பார்த்தேன், அது தாத்தா இல்லை, எடுத்துவிட்டேன்.

ஆச்சியிடம் பிரிண்டைக் கொடுத்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மேல் பட்டன யாரு போட்டா? அவுக போட மாட்டாகளே" என்றார். சித்தப்பா கழுத்து வரை பட்டன் போட்டிருந்தது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை அதே நேரத்துக்குச் சித்தப்பாவைத் திரும்ப நிறுத்தி, மேல் பட்டனைக் கழற்றிவிட்டு எடுத்தேன்.