ஓலைப்பெட்டிப் பாடத்தின் கடைசிப் பத்தி: சொல்வதா, கூவுவதா?

ஏர்வாடி ஓலைக்காரி:
மூடி போட்ட ஓலைப்பெட்டி முடைவது எப்படி என்று படங்களோடு ஒரு பாடம் எழுதியிருக்கிறேன். கடைசிப் பத்தி இது: "பாடம் பிடித்திருந்தால் லைக் போடுங்கள், பகிருங்கள், எங்கள் குழுவில் சேருங்கள். சாயம் போட்ட ஓலை எங்களிடம் கிடைக்கும். ஸ்டாக் குறைவு, உடனே வாட்ஸ்அப் பண்ணுங்கள்!" என் மதினி படித்துவிட்டு, "பாடம் முழுக்க நீ பேசுறே, கடைசியில யாரோ மைக்கைப் பிடுங்கிட்டாங்க" என்கிறார். எப்படி மாற்றுவது?

சாயல்குடி வியாபாரி:
எதற்கு மாற்றணும்? சந்தையில் வாயை மூடி உட்கார்ந்தவன் சரக்கைத் திரும்பக் கட்டிக்கொண்டுதான் போவான். இலவசமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாங்கச் சொல்ல ஏன் கூச்சம்? வேண்டுமானால் இன்னும் இரண்டு ஆச்சரியக்குறி போடுங்க.

பாம்பன் காற்று:
அந்தப் பத்தியே வேண்டாம். பெயரும் நம்பரும் இருந்தால் போதும். பாடம் நன்றாக இருந்தால் தேடி வருவார்கள்.

கீழக்கரை மரைக்காயர்:
தேடி வர மாட்டார்கள், தம்பி. ஓலை விற்பனைக்கு உண்டு என்பதே தெரியாதவர் எதைத் தேடுவார்? கேட்கத்தான் வேண்டும். ஆனால் தங்கச்சி ஒரே மூச்சில் நாலு காரியம் கேட்கிறார். லைக், பகிர்வு, குழு மூன்றும் அவருக்கு ஆதாயம். ஓலை ஒன்றுதான் படிப்பவருக்கு ஆதாயம். அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்.

அடுத்தது, பாடம் முடியும்போது படிப்பவர் எங்கே நிற்கிறார்? மூடி உட்கார்ந்துவிட்டது, அடுத்த பெட்டி முடையலாம் என்று கை துறுதுறுக்கிறது, ஓலை தீர்ந்திருக்கிறது. அங்கிருந்தே எழுதுங்கள்:

"இரண்டாவது பெட்டி முடையப் போகிறீர்களா? பக்கத்தில் பனை இருந்தால் குருத்தோலை வெட்டி வெயிலில் காயவைத்து, ஈர்க்கை எடுத்துவிட்டு வார்ந்துகொள்ளுங்கள், அதுதான் மலிவு. பனை இல்லாத ஊர் என்றால், வார்ந்து சாயம் போட்ட கட்டு அனுப்புகிறோம். ஒரு கட்டில் இதே அளவில் இரண்டு பெட்டி வரும். தபால் செலவோடு 180 ரூபாய். 'ஓலைக்கட்டு' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எந்த நிறம் இருக்கிறது என்று படம் அனுப்புவேன்."

விலையை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். யாருக்கு இது தேவையில்லை என்று முதலில் சொல்லிவிடுவதால் மிச்சத்தை நம்புவார்கள். செய்தி அனுப்பினால் என்ன நடக்கும் என்று தெரிவதால் கை தயங்காது. 'உடனே' என்ற சொல் இல்லை, பாருங்கள்.

சாயல்குடி வியாபாரி:
வாங்க வந்தவரைப் பனை மரத்துக்கு அனுப்புகிறீர்களே மரைக்காயரே! பாதிப் பேர் போய்விடுவார்கள்.

கீழக்கரை மரைக்காயர்:
பனைக்குப் பக்கத்தில் இருப்பவர் எப்படியும் 180 கொடுத்து வாங்கப்போவதில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவருக்கு எழுதுகிறோம்.

தொண்டி வாசகி:
நடுவில் வருகிறேன். அந்தப் பாடத்தைப் பார்த்துத்தான் சாயம் போட்டேன். முடையும்போது கையெல்லாம் சிவப்பாகிறது. என்ன செய்ய?

ஏர்வாடி ஓலைக்காரி:
சாயத்திலிருந்து எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் நிறம் இறங்குவது நிற்கும் வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள் அக்கா. பிறகும் ஒட்டினால் சாயம் மாற்றணும்.

பாம்பன் காற்று:
பார்த்தீர்களா, இந்த அக்கா கடைசிப் பத்திக்கே போகவில்லை. சாயத்திலேயே நின்றுவிட்டார். அப்படியானால் ஓலைக்கட்டு பற்றி அந்தப் படியிலேயே ஒரு வரி இருக்கணும் இல்லையா?

கீழக்கரை மரைக்காயர்:
அது சரியான பிடி. "சாயம் போட வசதி இல்லையென்றால் போட்ட கட்டும் கிடைக்கும், விவரம் கடைசியில்" என்று ஒரே வரி. அதற்கு மேல் போனால் வேலைக்கு நடுவில் இடைஞ்சல்.

தொண்டி வாசகி:
எனக்கு அந்த வரியும் பிடிக்காது. கற்றுக்கொள்ள வந்தவளிடம் 'உன்னால் முடியாது, வாங்கிக்கோ' என்று சொல்வதுபோல இருக்கும். அதற்குப் பதில், "பெட்டியைப் படம் எடுத்து அனுப்புங்கள், எங்கே தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறேன்" என்று முடித்தால் நான் கண்டிப்பாக அனுப்புவேன். ஓலையும் அப்புறம் அங்கேயே கேட்பேன்.

சாயல்குடி வியாபாரி:
அனுப்புவீங்க. வருகிற படத்துக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் எப்போது ஓலை வார்வது?

ஏர்வாடி ஓலைக்காரி:
படம் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது, நேரம்தான் யோசனை. இப்போதைக்கு மரைக்காயர் எழுதியதைப் போடுகிறேன். ஒரு சந்தேகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை காயாது, பூஞ்சை பிடிக்கும். கையில் இருக்கும் கட்டுதான். அப்போது என்ன எழுத?

கீழக்கரை மரைக்காயர்:
உள்ளதை எழுதுங்கள்: "மழை நின்று ஓலை காயும் வரை புதுக் கட்டு வராது, இருப்பது இத்தனைதான்." தை பிறந்ததும் மறக்காமல் அந்த வரியை எடுத்துவிடணும். வெயில் காலத்திலும் அது நின்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சாயல்குடி வியாபாரி:
ஸ்டாக் குறைவு என்று முதலிலேயே போட்டிருந்தாரே, அதைத்தானே நானும் வைக்கச் சொன்னேன்!