சந்தேகம்: கல்சட்டி வீடியோவில் பெரிதாகவும் வழவழப்பாகவும் தெரிகிறது

சேலம் கடை: ஒன்றரை லிட்டர் கல்சட்டியை போனில் எடுத்துப் போடுகிறேன். வாங்கியவர்கள் "வீடியோவில் பெருசா இருந்துச்சே" என்கிறார்கள். கடைசல் கோடுகளும் தெரியவில்லை, பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. படத்தில் கறுப்புக் கோடுகள் வேறு ஓடுகின்றன. கடையில் டியூப்லைட், பின்னால் வெள்ளைத் துணி, போன் ஒரு சாண் தூரத்தில்.

குமார்: ரிங் லைட் வாங்குங்க அக்கா. வெளிச்சம் பத்தலைன்னா இப்படித்தான் ஆகும்.

நிழல்: வெளிச்சம் கூடினால் படம் தெளியும், உண்மைதான். ஆனால் ரிங் லைட் நேர் எதிரே இருந்து அடிக்கும். கோட்டின் பள்ளத்தில் நிழல் விழாது, சொரசொரப்பு இன்னும் மறையும்.

டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னல் சட்டிக்குப் பக்கவாட்டில் வரும்படி வையுங்கள். மறுபக்கம் ரொம்ப இருட்டினால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை போதும். சட்டியை மெதுவாகச் சுழற்றினால் வெளிச்சம் கோடுகள் மேல் ஊர்ந்து போவது தெரியும். எண்ணெய் தடவிய சட்டி பளபளக்கும். கோடுகளைக் காட்ட, தடவாததை எடுங்கள். பழக்கிய பின் கறுத்துவிடும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த புகார் நிறத்தைப் பற்றி வரும்.

கறுப்புக் கோடு டியூப்லைட்டின் வேலை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். விளக்கு வேண்டியே தீரும் என்றால் வீடியோவின் Pro முறையில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள்.

செல்வி டெக்ஸ்: எனக்கும் இதே பிரச்சினைதான், மெரூன் சேலை ஆரஞ்சா தெரியுது!

நிழல்: அது வேறு விஷயம் அக்கா. ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்தால் நிறம் புரளும். ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள்.

கல்சட்டிக்கு வருவோம். ஒரு சாண் தூரத்தில் வைத்தால் போனுக்குப் பக்கத்தில் இருக்கும் விளிம்பு வீங்கித் தெரியும். அளவு ஏமாற்றுவது அதனால்தான். ஒரு மீட்டர் தள்ளி நின்று 2x-இல் எடுங்கள். வெள்ளைத் துணிக்குப் பதில் சாக்கு விரியுங்கள். வெள்ளை நிறைய இருந்தால் போன் மொத்தப் படத்தையும் மங்க வைக்கும், சட்டி வெறும் நிழலாகிவிடும். சட்டி மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சமும் ஃபோகஸும் மாறாமல் பூட்டும் AE/AF Lock வந்ததும் தொடங்குங்கள்.

சேலம் கடை: என் போனில் 2x போட்டால் மங்குகிறதே தம்பி?

நிழல்: அப்போது அது லென்ஸ் இல்லை, வெட்டிப் பெரிதாக்குவது. 4K-இல் எடுத்து, எடிட் செய்யும்போது 1080p-க்கு வெட்டுங்கள், தெளிவு கெடாது.

மீனா: அளவுக்கு நாணயம் வைப்பாங்களே?

நிழல்: நாணயம் முன்னால் தள்ளி இருந்தால் அதுவும் ஏமாற்றும். அரை லிட்டர் பால் பாக்கெட்டைச் சட்டியை ஒட்டி வையுங்கள். பிறகு அரை லிட்டர் அளவுக் குவளையால் மூன்று முறை தண்ணீர் அளந்து, இடையில் வெட்டாமல் ஊற்றிக் காட்டுங்கள். எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டால் பேச்சே இல்லை.

மீனா: அடுப்பை அணைச்ச பிறகும் குழம்பு கொதிக்கிறதைக் காட்டலாமே? அதுதானே இதோட சிறப்பு.

நிழல்: கட்டாயம். அணைக்கும் கையும் கொதிப்பும் ஒரே காட்சியில் வரட்டும். ஆவி தெரிய ஜன்னல் சட்டிக்குப் பின்பக்கம், ஆனால் படத்தில் விழாதபடி ஓரமாக; பின்னணி இருட்டு.

சேலம் கடை: பின்னால் ஜன்னல் இருந்தால் கோடுகள் மறையுமே?

குமார்: ரெண்டு தனி வீடியோவா போடுங்க.

நிழல்: ஒரே வீடியோவில் இரண்டு ஷாட்டாக ஒட்டினாலும் போதும். எதை முதலில் வைப்பது என்று இரண்டு விதமாகவும் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.