14 வயதுக்குட்பட்டோர் அணித் தேர்வும் பிறந்த மாதமும்: உங்கள் அனுபவம் என்ன?

தங்கச்சிமடம், ஒரு அம்மா:
என் மகன் 2012 நவம்பரில் பிறந்தவன், எட்டாம் வகுப்பு. வகுப்பில் உயர வரிசையில் நிறுத்தினால் நெட்டையனாகக் கடைசியில் நிற்பான். ஆனால் கால்பந்துத் தேர்வுக்குப் போனால் “பொடியனா இருக்கான், அடுத்த வருஷம் பார்ப்போம்” என்று அனுப்பிவிட்டார்கள். தேர்வான பையன்களின் பட்டியலில் பாதிக்கு மேல் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். வேறு யாராவது இதைக் கவனித்திருக்கிறீர்களா?

கீழக்கரை, கடைக்காரர்:
கவனிக்காமலா? எங்கள் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே மே, ஜூன் என்று ஒரு தேதி போட்டுவிடுவார். என் பிறந்த நாளும் அப்படி வந்ததுதான். ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31-க்குள் 5 வயது முடிந்திருக்க வேண்டும். அதனால் ஆகஸ்டில் பிறந்தவன்தான் வகுப்பிலேயே மூத்தவன், எல்லா ஆட்டத்திலும் அவன்தான் கெட்டிக்காரன். பிள்ளையை ஒரு வருஷம் தாமதமாகச் சேர்த்திருந்தால் பிரச்சினையே இல்லை அக்கா.

தொண்டி, ஓய்வு பெற்ற பி.டி. ஆசிரியர்:
காக்கா, வகுப்பு வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. விளையாட்டில் கணக்கே வேறு. அங்கே வயதுக் கணக்குக்குக் கெடு ஜனவரி 1. பிரிவைத் தீர்மானிப்பது பிறந்த தேதிதான், ஒரு வருஷம் தள்ளிச் சேர்த்தாலும் மாறாது.

அந்த அம்மாவின் பையனையே எடுத்துக்கொள்வோம். 2025-26-க்கு 14 பிரிவில் 2012 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் ஆடலாம். 2012 ஜனவரியில் பிறந்தவன் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான், இவனைவிடப் பத்து மாதம் மூத்தவன். இருவருக்கும் ஒரே பிரிவு, ஒரே தேர்வு. வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில் பையன்கள் வருஷத்துக்கு 8, 9 செ.மீ. கூட உயர்வார்கள். வகுப்பில் மூத்தவனாக நிற்பவன் மைதானத்தில் இளையவனாகிவிடுகிறான்.

இன்னொன்றும் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். “அடுத்த வருஷம்” அவனுக்கு இந்தப் பிரிவில் கிடையாது. அப்போது கெடு 2013 ஜனவரி 1 ஆகிவிடும். அவன் 17 பிரிவுக்குப் போய் மீசை முளைத்தவர்களோடு மோத வேண்டும். அனுப்பியவர் இதை யோசிக்கவில்லை.

மண்டபம், ஒரு அப்பா:
உயரம் கூட எந்தப் பவுடர் நல்லது சார்? என் மகள் பிறந்தது டிசம்பர். கம்பியில் தொங்கினால் வளர்வாளா?

தொண்டி ஆசிரியர்:
பவுடர் கதை வேண்டாம், வீட்டில் மீனும் முட்டையும் போதும். பெண் பிள்ளைகளிடம் இந்த மாத வித்தியாசம் பொதுவாகக் குறைவாகத்தான் தெரிகிறது. அதோடு டிசம்பர் பிள்ளைகள் எல்லாருமே குட்டையாக இருப்பதில்லை. சிலருக்கு உடல் வளர்ச்சி முன்பே தொடங்கிவிடும், ஜனவரியில் பிறந்து தாமதமாக வளர்பவனும் உண்டு. பிறந்த மாதம் வேறு, உடல் முதிர்ச்சி வேறு.

பாம்பன், கல்லூரி மாணவர்:
தை மாதப் பிள்ளைக்கு இயல்பாகவே பலம் என்று எங்கள் பாட்டி சொல்வார். ஜனவரியில் பிறப்பதிலேயே ஏதாவது இருக்குமோ?

தொண்டி ஆசிரியர்:
பாட்டியிடம் பெல்ஜியம் கதையைச் சொல்லுங்கள் தம்பி. அங்கே இளையோர் கால்பந்தில் கெடு ஆகஸ்ட் 1-ஆக இருந்தது, 1997-இல் ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். அதுவரை ஆகஸ்ட், செப்டம்பர் பிள்ளைகள் அணிகளில் அதிகம். மாற்றிய பிறகு ஜனவரி, பிப்ரவரிப் பிள்ளைகள் அதிகமானார்கள். மாதத்தில் மகிமை இருந்தால் கெடுவோடு சேர்ந்து நகருமா?

பாம்பன் மாணவர்:
சரி சார், இதற்கு என்னதான் செய்வது? தேர்வாளர் கையில் பிறந்த தேதிப் பட்டியலைக் கொடுத்தால் போதாதா?

தொண்டி ஆசிரியர்:
போதாது. நெதர்லாந்தில் ஒரு கிளப்பின் தேர்வாளர்களை வைத்துச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். 11 வயதுக்குட்பட்டோர் ஆட்டம். தேதியைத் தாளில் கொடுத்தபோதும் அவர்கள் மூத்த பிள்ளைகளைத்தான் உயர்வாக மதிப்பிட்டார்கள். சட்டை எண்ணையே வயது வரிசையில் கொடுத்தபோதுதான் அந்தச் சாய்வு மறைந்தது. ஆட்டத்தைப் பார்க்கிற கண் தாளுக்குத் திரும்பாது, முதுகில் இருக்கும் எண் எப்போதும் தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் இதையே செய்தேன். ஒரே ஆண்டில் பிறந்தவர்களுக்கு ஜனவரியில் தொடங்கி வரிசையாக எண். பெரிய எண் போட்ட பையன் பந்தை இழந்தால் உடனே கழித்துவிடாமல், எதனால் இழந்தான், தள்ளப்பட்டா, தப்பாகக் கொடுத்தா என்று பார்க்கத் தோன்றியது. ஆனால் பந்தயம் என்று வரும்போது தலைமையாசிரியருக்கு இந்த வருஷக் கோப்பைதான் வேண்டும். தலையால் முட்டி கோல் போடும் நெட்டையனை விட மாட்டார். அதற்கு என்னிடம் வழியில்லை.

கீழக்கரை கடைக்காரர்:
அப்படியென்றால் எங்கள் மன்றத்து அணியையும் பார்த்துவிடலாம். எப்படிக் கணக்கிடுவது?

தொண்டி ஆசிரியர்:
கடந்த சில வருஷங்களில் எடுத்த பிள்ளைகளை மூன்று மூன்று மாதமாகப் பிரித்து எண்ணுங்கள். நான்கு பகுதியும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஒரே ஒரு அணியை வைத்து முடிவு கட்டாதீர்கள், 16 பேரில் தற்செயலாகவும் சாயும். உங்கள் காலத்து ஜூன் தேதிகள் கலந்திருந்தால் கணக்கே கெட்டுப்போகும், பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள்.

தங்கச்சிமடம் அம்மா:
17 பிரிவுக்குப் போகும்வரை அவனை எங்கே ஆடவிடுவது சார்? இங்கே கடற்கரையில் பெரிய பையன்களோடுதான் ஆடுகிறான்.

பாம்பன் மாணவர்:
ஞாயிறு காலை எங்கள் பக்கம் அனுப்புங்கள் அக்கா. ஏழு, எட்டு படிக்கிறவர்கள் தனியாக ஆடுகிறார்கள்.