டிஜிட்டல் 8 கல்யாண டேப்: கோடு போனால் நடுக்கம் வருகிறது, எந்தக் கோப்பை வைத்து வேலை செய்வது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

2002-இல் நடந்த அக்கா கல்யாணம். மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் 8 கேம்கார்டரில் எடுத்தது. இப்போது அதைச் சுத்தம் செய்து பெரிய டிவியில் ஓடுகிற மாதிரி ஆக்க வேண்டும். கையில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன.

ஒன்று, பொள்ளாச்சியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து மாற்றியது. 1920x1080, எம்பி4. இதில் யாராவது அசைந்தால் உடம்பின் ஓரத்தில் தடித்த நெளிவு தெரிகிறது. கூர்மை கூட்டினால் நெளிவுதான் கூர்மையாகிறது, முகம் ஆகவில்லை.

இன்னொன்று, அதே கேமராவை நண்பர் வீட்டுப் பழைய கணினியில் ஃபயர்வயர் ஒயரில் மாட்டி நானே இறக்கிய ஏவிஐ. 720x576, ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பக்கம். இதில் அசைவு வரும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய கோடுகள். ஒரு இலவச மென்பொருளில் டீஇன்டர்லேஸ் போட்டேன். கோடு போய்விட்டது, ஆனால் கேமரா பந்தல் வாழைமரத்தைத் தாண்டித் திரும்பும்போது மரம் நடுங்குகிறது. ஸ்டூடியோ கோப்பில் நடுக்கம் இல்லை. அப்படியானால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

விஎச்எஸ் ராஜா

இவ்வளவு யோசிக்க வேண்டாம் சார். PAL டேப் எல்லாமே மேல் ஃபீல்டு முதலில். yadif போட்டு 25 ஃபிரேமாக எடுங்கள். நான் நூறு கேசட்டாவது இப்படி மாற்றியிருப்பேன், யாரும் குறை சொன்னதில்லை.

பழைய லென்ஸ்

ராஜா அண்ணா சொல்வது விஎச்எஸ் டேப்பை கேப்சர் கார்டில் ஏற்றுபவர்களுக்குப் பெரும்பாலும் சரி. இது டிஜிட்டல் 8. டேப்பில் இருப்பது DV வகைப் பதிவு, மினி கேசட் கேமராக்களில் இருப்பதேதான். அதில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும்.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி, நடுக்கத்துக்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு ஃபிரேமுக்குள் இரண்டு ஃபீல்டு இருக்கிறது. இரண்டும் நொடியில் 50-இல் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்தவை. கோப்பில் வரிசை எழுதியிருக்காவிட்டால் பல மென்பொருள்கள் மேல் ஃபீல்டு முதல் என்று தாமாகவே எடுத்துக்கொள்ளும். அப்போது இரண்டாவதாக எடுத்த படம் முதலில் வரும், முதலில் எடுத்தது அடுத்து வரும். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். வாழைமரம் ஒரு எட்டு பின்னே போய், மூன்று எட்டு முன்னே தாவி, மறுபடி ஒரு எட்டு பின்னே போனால் வரிசைதான் தலைகீழ். ஆள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்சியில் இது தெரியவே தெரியாது. கேமரா ஒரே பக்கமாகத் திரும்பும் இடத்தில்தான் சோதிக்க வேண்டும்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாமென்றால்:

```
ffmpeg -i kalyanam.avi -vf idet -frames:v 2000 -an -f null -
```

கடைசியில் வரும் `Multi frame detection` வரியைப் பாருங்கள். BFF பெரிய எண்ணாக இருந்தால் கீழ் ஃபீல்டு முதல். Undetermined கொஞ்சம் வரத்தான் செய்யும், அசைவில்லாத ஃபிரேம்களில் கண்டுபிடிக்க எதுவும் இருக்காது.

ஸ்டூடியோ கோப்பை ஓரமாக வையுங்கள். டீஇன்டர்லேஸ் செய்யாமலே 576 வரியை 1080 ஆக இழுத்திருக்கிறார்கள். அப்படி இழுக்கும்போது ஒவ்வொரு புது வரியும் பக்கத்து வரிகளைக் கலந்துதான் உண்டாகிறது. பக்கத்து வரிகளோ வேறு வேறு நேரத்தில் எடுத்தவை. மெல்லிய கோடு தடித்த நெளிவாக மாறியது அதனால்தான். கலந்ததை எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது. நடுக்கம் இல்லாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான், பிரித்துக் காட்ட அதில் ஃபீல்டே மிச்சமில்லை.

நகரி ஆன்டெனா

எனக்கும் இதே பிரச்சினைதான் சார். எங்கள் அப்பா நகரியில் மாடியில் ஆன்டெனா வைத்து சென்னை தூர்தர்ஷனில் வந்த படங்களை கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். டீஇன்டர்லேஸ் போட்டால் முன்பு இருந்ததைவிட மங்கலாகிறது. கீழ் ஃபீல்டு என்று மாற்றினால் சரியாகுமா?

பழைய லென்ஸ்

உங்களுடையது வேறு சங்கதி. சினிமா ஃபிலிமை நம் ஒளிபரப்பில் நொடிக்கு 25 ஃபிரேமாக ஓட்டுவார்கள், ஒரே ஃபிலிம் ஃபிரேமிலிருந்தே இரண்டு ஃபீல்டும் வரும். இரண்டுக்கும் நடுவில் அசைவே இல்லாததால் பிரிக்க ஒன்றுமில்லை. டீஇன்டர்லேஸ் போட்டால் நல்ல வரிகளைத் தூக்கி எறிந்துவிட்டு ஊகித்து நிரப்புகிறது. கோடு தெரியாவிட்டால் அப்படியே விடுங்கள். சில பதிவுகளில் ஃபீல்டு ஒன்று தள்ளி இணைந்து கோடு வரும், அதற்கு `fieldmatch` போதும். கீழே ஓடும் அறிவிப்பு எழுத்து மட்டும் தொலைக்காட்சி நிலையம் சேர்த்தது, அதில் கோடு இருக்கும். அதைப் பார்த்து முழுப் படத்தையும் டீஇன்டர்லேஸ் செய்துவிடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

ஓட்டிப் பார்த்தேன் அண்ணா. TFF 12, BFF 1710, Progressive 203, Undetermined 75. மரமும் நீங்கள் சொன்ன மாதிரியே பின்னே போய் முன்னே தாவுகிறது. அடுத்து என்ன?

பழைய லென்ஸ்

```
ffmpeg -i kalyanam.avi -vf "bwdif=mode=send_field:parity=bff:deint=all" -c:v ffv1 -c:a copy kalyanam_50p.mkv
```

`send_field` என்பதால் ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு முழுப் படமாகி நொடிக்கு 50 வரும். ராஜா அண்ணா மாதிரி 25 எடுத்தால் அசைவில் பாதி போய்விடும், நாதஸ்வரக்காரர் விரல் வெட்டி வெட்டி ஓடும். ffv1 இடத்தை அடைக்கும், ஆனால் எதையும் இழக்காது. புள்ளி குறைப்பது, பெரிதாக்குவது, கூர்மை கூட்டுவது எல்லாம் இந்தக் கோப்பிலிருந்துதான். பெரிதாக்கும்போது 1440x1080 வைத்தால் முகம் அகலமாகாது. யூடியூபில் ஏற்றுவதானாலும் 576-ஐ அப்படியே ஏற்ற வேண்டாம், அங்கே 720 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் 50 ஃபிரேம் கிடைக்கும்.

பொறுமை இருந்தால் அவிசிந்தில் QTGMC போட்டுப் பாருங்கள். பட்டுச் சேலைக் கரை, கொசுவலை ஜன்னல் மாதிரி மெல்லிய குறுக்குக் கோடுகள் bwdif-இல் கொஞ்சம் மினுக்கும், QTGMC-இல் அடங்கிவிடும். நேரம் மட்டும் பல மடங்கு ஆகும். அதிலும் முதலில் `AssumeBFF()` எழுத மறக்க வேண்டாம்.

விஎச்எஸ் ராஜா

50 எடுத்தால் சினிமா மாதிரி இருக்காது, சீரியல் மாதிரி இருக்கும். பார்ட்டி கேட்பது சினிமா.

பழைய லென்ஸ்

அது ரசனை அண்ணா. 50-இலிருந்து 25 எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

முகூர்த்தம் முழுக்க அருமையாக வந்துவிட்டது. ஆனால் டேப் கடைசியில் ரிசப்ஷன் இருக்கிறது. அது மாமா எடுத்ததில்லை, அந்தக் காலத்தில் வேறொரு ஸ்டூடியோ மிக்ஸிங் செய்து கொடுத்த விஎச்எஸ்ஸிலிருந்து கேமரா வழியாகப் பதிந்தது. அந்த இருபது நிமிடம் மட்டும் பழையபடி நடுங்குகிறது.

பழைய லென்ஸ்

மிக்ஸிங் கணினியிலேயே வரிசை புரண்டிருக்கலாம். படத்தை ஒரு வரி மேலோ கீழோ தள்ளினாலே புரண்டுவிடும். அந்தத் துண்டை வெட்டி அதற்குத் தனியாக idet ஓட்டுங்கள். TFF கூடுதலாக வந்தால் `parity=tff` போட்டு எடுத்துவிட்டுப் பிறகு ஒட்டுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

TFF-தான் கூடுதல். மாற்றியதும் நடுக்கம் நின்றது. மாலை மாற்றும்போது ஸ்லோ மோஷன் போட்டிருக்கிறார்கள், அங்கே மட்டும் படிக்கட்டு மாதிரி ஓரம் வருகிறது. idet-இல் அந்த இடத்துக்கு Progressive என்று வருகிறது.

பழைய லென்ஸ்

ஒரே ஃபீல்டை இரண்டு தடவை காட்டி மெதுவாக்கியிருப்பார்கள். அப்படியானால் அங்கே இருப்பதே 288 வரிதான். டீஇன்டர்லேஸ் போடாமல் அந்தத் துண்டை விட்டுப் பாருங்கள். ஓரம் திருந்துமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு யாராவது இந்த மாதிரி ஸ்லோ மோஷனைச் சரிசெய்திருந்தால் சொல்லுங்கள்.

விஎச்எஸ் ராஜா

தம்பி, ஸ்லோ மோஷனைத் திரும்ப நார்மல் வேகத்துக்குக் கொண்டுவந்து பார்த்தீர்களா? ரிப்பீட் ஃபிரேமை எல்லாம் எடுத்துவிட்டு.