முட்டி மாற்று அறுவை முடிந்து 16 நாள்: கால் நீளவில்லை, கெண்டைக்கால் வீங்குகிறது

தஞ்சை மகள்:
அம்மாவுக்கு 66 வயது. வலது முட்டி மாற்று அறுவை முடிந்து இன்றோடு 16 நாள். முட்டி ஓரளவு நன்றாகவே மடங்குகிறது. ஆனால் நிற்கும்போது கால் முழுதாக நீளவில்லை, வாக்கர் பிடித்து நடந்தால் ஒரு கால் குட்டையானதுபோல் சாய்கிறார். படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால்தான் வலி அடங்குகிறது என்கிறார். இரண்டு நாளாகக் கெண்டைக்கால் வேறு இறுகி வீங்கியிருக்கிறது. அத்தை, நல்லெண்ணெய் காய்ச்சி உருவிவிடலாம் என்கிறார். செய்யலாமா?

சேலத்துக்காரர்:
பயப்படாதீர்கள் அம்மா. என் மனைவிக்குக் கணுக்கால் வரை நீலம் பாய்ந்து வீங்கி, மூன்று வாரத்தில் வடிந்துவிட்டது. தலையணை வைத்துக் காலை உயர்த்தியே வையுங்கள். எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை, தையலில் மட்டும் படக்கூடாது.

பயிற்சியறைக்காரி:
ஐயா சொன்னதில் பாதி சரி. முட்டியில் கசிந்த ரத்தம் கீழிறங்கிக் கணுக்காலில் நீலமாகத் தெரிவது வழக்கம்தான். ஆனால் உருவிவிடுவது வேண்டவே வேண்டாம். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

சகோதரி, இரவு முழுக்கக் காலை உயர்த்தி வைத்தும் காலையில் வீக்கம் குறையவில்லையா? ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரை தொடர்கிறதா? நாடா இருந்தால், முட்டிச்சில்லுக்குக் கீழே துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரு கெண்டைக்காலையும் சுற்றி அளந்து சொல்லுங்கள்.

தஞ்சை மகள்:
காலையிலும் அப்படியேதான் இருக்கிறது அக்கா. மாத்திரை அட்டை தீர்ந்து மூன்று நாள் ஆகிறது. முடிந்துவிட்டது என்று விட்டுவிட்டோம். வலது 37.5, இடது 34.

பயிற்சியறைக்காரி:
அறுவை செய்த கால் எப்படியும் கொஞ்சம் பருத்துத்தான் இருக்கும், அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம், விடிந்தும் குறையாத வீக்கம், நின்றுபோன மாத்திரை, மூன்றும் சேர்ந்திருக்கின்றன. இன்றே மருத்துவரிடம் காட்டி, டாப்ளர் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். நாளை என்று தள்ளாதீர்கள். இடையில் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108தான்.

தலையணை விஷயம் வேறு. முட்டி லேசாக மடங்கியிருக்கும்போதுதான் உள்ளே அழுத்தம் குறைவு, அதனால் வலி அடங்குகிறது. அதே நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் பின்பக்கத் தசையும் மூட்டுறையும் அந்த அளவுக்கே சுருங்கிவிடும். மடக்குவதைச் சில மாதம் கழித்துக்கூடத் தேற்றலாம். நீட்டுவதை முதல் வாரங்களில் விட்டால் மீட்பது கடினம். எத்தனை டிகிரி மடங்கியது என்று எல்லோரும் எண்ணுகிறார்கள், நீளுவதை யாரும் கேட்பதில்லை.

உறைவு இல்லை, அல்லது நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னபின் இதைத் தொடங்குங்கள். மல்லாந்து படுக்கவைத்து, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் மட்டும் வையுங்கள். முட்டி எதிலும் முட்டாமல் அந்தரத்தில் நிற்கட்டும், தன் எடையிலேயே இறங்கும். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் செய்தால் அம்மா திட்டுவது குறையும். பிறகு துண்டை எடுத்துவிட்டு, தொடையை இறுக்கி முட்டியின் பின்பக்கத்தால் மெத்தையை அழுத்தச் சொல்லுங்கள். ஐந்து எண்ணும்வரை, பத்து முறை.

வாடிப்பட்டி வாத்தியார்:
எனக்கு இரண்டு முட்டியும் மாற்றி ஓராண்டு. தழும்புக்கு வெளிப்பக்கம் இன்னும் மரத்தே கிடக்கிறது. சம்மணம் போட்டுச் சாப்பிடலாமா என்று யாராவது சொல்லுங்கள்.

பயிற்சியறைக்காரி:
மரப்பு, வெட்டுப்பட்ட சிறு நரம்புகளால் வருவது ஐயா, பலருக்கு ஒரு பகுதி அப்படியே நின்றுவிடும். சம்மணத்தை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், போட்ட மூட்டைப் பொறுத்தது.

சேலத்துக்காரர்:
ஆஸ்பத்திரியிலேயே என் மனைவிக்கு முட்டிக்கு அடியில்தான் தலையணை வைத்தார்கள். அவர்களுக்குத் தெரியாததா?

பயிற்சியறைக்காரி:
ஏன் வைத்தார்கள் என்று அங்கே இல்லாமல் நான் சொல்ல முடியாது. வீட்டில் வாரக்கணக்கில் வைக்க மாட்டேன். காலை உயர்த்த வேண்டுமானால் தலையணை குதிகாலுக்கும் கணுக்காலுக்கும் அடியில் போகட்டும்.

தஞ்சை மகள்:
ஸ்கேனில் கெண்டைக்கால் நாளத்தில் சிறிய உறைவு இருந்தது. மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள், மூன்று மாதம். நடக்கலாம், பயிற்சியும் செய்யலாம் என்றார்கள். போன வாரம் முட்டிக்கு அடியில் என் முஷ்டி நுழைந்தது, இன்று விரித்த கைதான் நுழைகிறது.

இன்னொன்று: தையல் பிரித்த இடத்தில் ஓர் ஓரம் ஈரமாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கலாமா?

பயிற்சியறைக்காரி:
வாங்காதீர்கள். பிரித்தபிறகு கசிந்தால் அறுவை செய்தவரே பார்க்க வேண்டும். உள்ளே கிருமி இருந்தால் கடை மாத்திரை அதை மறைக்கும், பரிசோதனையில் எந்தக் கிருமி என்றே தெரியாமல் போகும். புகைப்படம் எடுத்து இப்போதே அனுப்பிவிட்டு, நாளைக் காலையில் நேரில் போங்கள்.

தஞ்சை மகள்:
அனுப்பிவிட்டேன், நாளை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் தலையணை மறுபடி முட்டிக்கு அடியில் இருக்கிறது அக்கா. கேட்டால், தானாக வந்தது என்கிறார்.